வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய்ச் சட்டி

வீட்டிலேயே முறுக்கு, தட்டை, அதிரசம் சுட்டு விற்பவர்களிடம் எதில் நஷ்டம் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் எண்ணெய் விலையைச் சொல்வார்கள், அல்லது விற்காமல் திரும்பி வந்த பாக்கெட்டுகளைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த எண்ணெயும் அந்தப் பாக்கெட்டும் ஏன் வீணாயின என்று ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தால், விலையைவிட நாள்தான் அதில் அதிகம் தெரியும். மில் திறக்காத நாளில் அரிசி ஊறியிருக்கும். வியாழக்கிழமை கடைக்குப் போக வேண்டிய சரக்கு வெள்ளி இரவுதான் வெந்திருக்கும். இரண்டு கிலோ தட்டைக்காக எண்ணெய்ச் சட்டி தனியாக ஒருமுறை அடுப்பில் ஏறியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த நாள்களை ஒழுங்குபடுத்துவது பற்றி. இரண்டு பேர் வேலை செய்யும் ஒரு வீட்டை மாதிரியாக வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய இரும்புக் கடாய், அதிரசத்துக்கு ஒரு சிறிய வாணலி, இரண்டு அடுப்பு, ஒரு கவர் ஒட்டும் மெஷின். மாவு அரைக்கத் தெருமுனை மில். சரக்கு போகும் வழி இரண்டு: அக்கம்பக்கத்துக் கடைகள் நான்கைந்து, வெளியூருக்குக் கூரியர். வாரத்துக்கு முறுக்கு 8 கிலோ, ரிப்பன் பகோடா 4 கிலோ, பூண்டுத் தட்டை 4 கிலோ, அதிரசம் 60. கீழே வரும் அளவுகள் இந்த மாதிரி வீட்டுக்கானவை. உங்கள் மாவும் கைப்பக்குவமும் வேறாக இருக்கும் என்பதால், கணக்கு போடும் முறையை எடுத்துக்கொண்டு எண்களை நீங்களே எடை போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சட்டியில் மிஞ்சும் எண்ணெய்

கடாயில் முறுக்கு மூழ்கி வேக ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எண்ணெய் வேண்டும் என்று வைப்போம். அதில் நீங்கள் ஒரு கிலோ சுட்டாலும் பத்துக் கிலோ சுட்டாலும் அந்த முதல் இரண்டரைக் கிலோவை ஊற்றித்தான் ஆக வேண்டும். சுடச்சுட பண்டம் எண்ணெயைக் குடிக்கும். ஒரு கிலோ முறுக்கோ தட்டையோ சுமார் கால் கிலோ எண்ணெயை உள்ளே எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. மட்டம் இறங்க இறங்கப் புது எண்ணெய் ஊற்றுகிறோம். கடைசி ஈடுகளில் ஊற்றுவதை நிறுத்தி, மட்டத்தை இறங்க விட்டாலும், வேலை முடியும்போது அடியில் ஒன்றரைக் கிலோவாவது நிற்கும். அதற்குக் கீழே போனால் முறுக்கு அடிதட்டிக் கருகும்.

இப்போது நம் மாதிரி வீட்டின் 16 கிலோ காரச் சரக்கைப் பாருங்கள். ஒரே நாளில் சுட்டால், 16 கிலோ குடித்தது நாலு கிலோ, அடியில் நின்றது ஒன்றரை, ஆக மொத்தம் ஐந்தரைக் கிலோ எண்ணெய். அதையே திங்களன்று முறுக்கு, புதனன்று ரிப்பன், வெள்ளியன்று தட்டை என்று மூன்று நாளாகப் பிரித்தால், குடிப்பது அதே நாலு கிலோதான். ஆனால் அடியில் நிற்பது மூன்று முறை ஒன்றரை, அதாவது நாலரைக் கிலோ. வாரத்துக்கு மூன்று கிலோ வித்தியாசம். நாலு வாரத்தில் பன்னிரண்டு கிலோ. பதினைந்து கிலோ டின்னில் முக்கால்வாசிக்கு மேல் இது.

“அதை வடிகட்டி மறுபடி ஊற்றிக்கொள்ளலாமே” என்பார்கள். அங்கேதான் பண்டம் கெடுகிறது. சூடேறி ஆறி மறுபடி சூடேறும் எண்ணெய் ஒவ்வொரு முறையும் சிதைகிறது. நிறம் கறுக்கும், கையில் தொட்டால் பிசுபிசுக்கும், முன்பு புகையாத சூட்டிலேயே புகையும், பண்டம் போட்டதும் பொங்கும் நுரை சீக்கிரம் அடங்காது. அப்படிச் சுட்ட முறுக்கு முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. ஆகவே வீட்டுக்கு ஏற்ற வழி, மிச்ச எண்ணெயைக் குறைவாக வைப்பதும், நின்றதை விற்பனைச் சரக்குக்கு மறுபடி ஊற்றாமல் இருப்பதும்தான். ஒன்றரைக் கிலோ என்றால் வடிகட்டி ஓரிரு நாளுக்குள் வீட்டுக் குழம்பு, தாளிப்பு என்று கொஞ்சம் தீர்த்துக்கொள்ளலாம். நாலரைக் கிலோவை எந்த வீடும் அப்படித் தீர்க்க முடியாது.

ஆகவே முதல் முடிவு இது: பொரிக்கும் நாள் வாரத்தில் ஒன்று. மற்ற நாள்கள் எல்லாம் அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் அமைய வேண்டும்.

வண்டி நாளிலிருந்து பின்னோக்கி

எந்த நாளில் பொரிப்பது என்பதைச் சரக்கு போய்ச் சேர வேண்டிய நாள்தான் சொல்லும். அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைக்காரருக்குச் சரக்கு வெள்ளிக்கிழமை வந்துவிட வேண்டும். சனி, ஞாயிறுதான் தின்பண்டம் ஓடும் நாள். சனிக்கிழமை மாலை கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி வியாபாரம் போய்விட்டிருக்கும், மீதி அடுத்த வாரம் வரை அலமாரியில் காத்திருக்கும். கூரியருக்கு வேறு கணக்கு. வெள்ளியன்று போட்ட பார்சல் ஞாயிறு விடுமுறையில் எங்காவது குடோனில் அடுக்கின் அடியில் கிடக்க வாய்ப்பு அதிகம். முறுக்கு நொறுங்குவது பயணத்தில் மட்டுமல்ல, இப்படிக் கிடக்கும்போதும்தான். வியாழன் மதியத்துக்குள் போட்டால் பெரும்பாலான ஊர்களுக்குச் சனிக்குள் போய்ச் சேரும்.

ஆக, வியாழன் காலை பாக்கெட் போட்டாக வேண்டும். பாக்கெட் போடுவதற்கு முன் பண்டம் முழுதாக ஆற வேண்டும். வெளியே ஆறியதுபோல் தெரியும் முறுக்கின் உள்ளே சூடு இருந்தால், கவருக்குள் ஆவி படியும். கவரின் உட்பக்கம் பனி பிடித்ததுபோல் மங்கினால் அந்தப் பாக்கெட் நமுத்துப்போகும் என்று அர்த்தம். அதற்காக ராத்திரி முழுக்கத் தாம்பாளத்தில் திறந்து வைக்கவும் கூடாது, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எடுத்த ஈட்டைப் பரப்பி ஆறவிட்டு, கை வைத்தால் சூடே தெரியாத நிலையில், மூடி இறுகும் பெரிய டின்னில் போட்டு வைத்து, மறுநாள் காலை பாக்கெட் போடுவதுதான் சரி. அப்படியென்றால் பொரிப்பது புதன்கிழமை.

புதனன்று காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்ட, மாவு செவ்வாயன்று தயாராக இருக்க வேண்டும். செவ்வாயன்று மில்லுக்குப் போக, அரிசி திங்களன்று களைந்து உலர்த்தியிருக்க வேண்டும். பருப்பு, வெல்லம், வெண்ணெய் எல்லாம் திங்களன்று வாங்க வேண்டும். எவ்வளவு வாங்குவது என்று தெரிய, ஆர்டர் சனி இரவோடு மூடப்பட்டிருக்க வேண்டும். ஞாயிறு கணக்குப் போடும் நாள்.

இதில் கடைப்பிடிக்கக் கடினமானது ஆர்டரை மூடுவதுதான். செவ்வாய்க்கிழமை கடைக்காரர் போன் செய்வார்.

“அக்கா, நாளைக்கு ரெண்டு கிலோ தட்டை கூடக் கிடைக்குமா?”

“இந்த வாரம் மாவு அளந்தாச்சு தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை மூணு கிலோவாவே தர்றேன்.”

இந்தப் பதிலைச் சொல்லத் தயங்கி அவசரத்துக்குச் சுட்ட இரண்டு கிலோவுக்கு, அரைக் கிலோ எண்ணெய் உள்ளே போய், ஒன்றரைக் கிலோ சட்டியில் நிற்கும். அந்தத் தட்டையின் அடக்கவிலையை அப்போது போட்டுப் பாருங்கள்.

மாவு எத்தனை நேரம் காத்திருக்கும்

எந்த வேலையை முன்னாலேயே முடித்து வைக்கலாம், எதை வைக்க முடியாது என்பதை ஈரம்தான் தீர்மானிக்கிறது.

முறுக்குக்கான அரிசியைக் களைந்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி அரைத்தால் அந்த மாவு நாள்கணக்கில் நிற்கும். அரைத்த சூட்டோடு மூடாமல், ஆறவிட்டுச் சலித்து டப்பாவில் போட வேண்டும். சலிப்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. கரகரப்பு தங்கிய மாவில் பிழிந்த முறுக்கு எண்ணெயில் வெடிக்கக்கூடும். அரைகுறையாக உலர்ந்த அரிசியின் மாவு கட்டிக் கட்டியாக ஒட்டும், மறுநாளே புளித்த வாடை வரும். திங்களன்று உலர்த்தி செவ்வாயன்று அரைத்துப் புதனன்று சுடும் ஒழுங்கில் இந்தப் பயம் குறைவு, எந்த மாவும் ஓர் இரவுக்கு மேல் காத்திருப்பதில்லை.

அதிரசம் நேர் எதிர். அதற்கு ஈர மாவுதான் வேண்டும். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் பதத்தில் அரைத்து, அன்றே பாகு காய்ச்சிக் கலந்தாக வேண்டும். ஈர மாவை இரவு வைத்தால் புளிக்கும். ஆனால் பாகில் கலந்த பிறகு அதே மாவு பொறுமைசாலி. ஒரு நாளாவது இருந்தால்தான் அதிரசம் நன்றாக வரும், இரண்டு மூன்று நாள் இருந்தாலும் கெடாது. வெல்லப்பாகு மாவைக் காக்கிறது. செவ்வாய்க் காலை ஈர அரிசியை அரைத்து, மதியம் பாகில் கிளறி மூடி வைத்தால், புதன் மாலை தட்டிப் போடத் தயாராக இருக்கும்.

மில்லில் வரிசையும் முக்கியம். உலர்ந்த அரிசி, வறுத்த உளுந்து ஆகியவற்றை முதலில் அரைத்துவிட்டு, ஈர அரிசியைக் கடைசியாகக் கொடுங்கள். ஈர மாவு மெஷினுக்குள் அப்பிக்கொள்ளும், பின்னால் வரும் உலர் மாவில் அது கலந்தால் அந்த மாவும் கெடும். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டி, அதைத் தள்ளிவிட்டு நம்முடையதைப் போடச் சொல்ல வேண்டும். வெள்ளை முறுக்கில் ஒரு சிவப்புத் துணுக்கு போதும், வாங்குபவர் முகம் மாறிவிடும். இன்னொன்று, மின்வாரியம் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் பகலில் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம், செய்தித்தாளில் முன்கூட்டியே ஊர்ப் பெயரோடு அறிவிப்பு வரும். அது செவ்வாய்க்கிழமையில் விழுந்தால் மில் ஓடாது. ஞாயிறு கணக்குப் போடும்போதே அதைப் பார்த்து, அந்த வாரம் மட்டும் உலர் மாவைத் திங்கள் மாலைக்குத் தள்ளிக்கொண்டு, அதிரசத்தை விட்டுவிடலாம்.

காத்திருக்கவே முடியாதது பிசைந்த முறுக்கு மாவு. மொத்தத்தையும் ஒரே தடவையில் பிசைந்து வைத்தால், கடைசியில் பிழிவது சிவந்துபோகும், எண்ணெயும் கூடக் குடிக்கும். அதற்கு வழி, செவ்வாய் இரவே அரிசிமாவு, உளுந்துமாவு, உப்பு, சீரகம், எள் எல்லாவற்றையும் கலந்து, ஒரு கிலோ அரிசிமாவுக்கு ஒரு பை என்று எடை போட்டு அடுக்கி வைப்பது. புதனன்று ஒரு பையைப் பிரித்து, நூறு கிராம் வெண்ணெயும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, அது தீரும்போது அடுத்த பையைப் பிரிக்க வேண்டும்.

ஒரு கிலோ அரிசிமாவு, கால் கிலோ உளுந்துமாவு, நூறு கிராம் வெண்ணெய் சேர்ந்து ஏறக்குறைய 1,600 கிராம் முறுக்கு தரும் என்று வைத்தால், 8 கிலோவுக்கு ஐந்து பை. ஐந்து பைக்கு வெண்ணெய் அரைக் கிலோ, கடையில் விற்கும் பாக்கெட் ஒன்று. ஆர்டர் எண்ணிக்கையை இப்படிப் பாக்கெட் அளவோடு பொருத்திக்கொண்டால் குளிர்சாதனப் பெட்டியில் பாதி வெண்ணெய் கிடந்து வாடை ஏறுவதில்லை. ஆறு கிலோ முறுக்குக்கே ஆர்டர் வந்தால், நாலு பை பிசைந்து நானூறு கிராம் வெண்ணெயைப் போட்டுவிட்டு, மீதி நூறு கிராமை உருக்கி நெய்யாக்கிவிடலாம். ஆர்டர் இல்லாத ஐந்தாவது பையையும் சேர்த்துச் சுட்டு வைப்பது மட்டும் வேண்டாம். பை மாவாக இருக்கும்வரை அடுத்த வாரத்துக்கு ஆகும். முறுக்காகிவிட்டால் அதற்கு நாள் ஓடத் தொடங்கிவிடும்.

கடாய்தான் உச்சவரம்பு

ஒரு புதன்கிழமையில் எவ்வளவு சுட முடியும்? இதைச் சொல்வது கடாய்தான், ஆசை அல்ல. நம் மாதிரி வீட்டுக் கடாயில் ஒரு ஈட்டுக்கு 200 கிராம் முறுக்கு எடுக்கலாம், ஆறு நிமிடம் ஆகும் என்று வைப்போம். 8 கிலோவுக்கு 40 ஈடு, நாலு மணி நேரம். ரிப்பன் 4 கிலோ 20 ஈடு, ஈட்டுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம். தட்டை 20 ஈடு, இரண்டு மணி நேரம். மொத்தம் ஏழு மணி நாற்பது நிமிடம். காலை ஆறுக்குத் தொடங்கினால், நடுவில் சாப்பாட்டுக்கு இடைவெளி விட்டு, மதியம் இரண்டரை ஆகும். அதற்குப் பிறகு சிறிய வாணலியில் அதிரசம் 60, சுமார் ஒன்றரை மணி நேரம். நாலு மணிக்கு அடுப்பு அணையும். இரண்டு பேருக்கு இது நிறைந்த நாள்.

ஒருவர் சட்டியைப் பார்க்க, இன்னொருவர் அடுத்த ஈட்டைப் பிழிந்து வைத்துக்கொண்டே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். சட்டி சும்மா காயும் ஒவ்வொரு நிமிடமும் எண்ணெய் வீணாகச் சிதையும் நிமிடம். ரிப்பன் பிழியும் நேரத்தில் உதவியாளருக்குக் கை ஓயும், ரிப்பனை நேராகச் சட்டிக்குள் பிழிகிறோம். அந்த நேரத்தில் அவர் துணியில் தட்டையைத் தட்டி வைக்கலாம். சற்றுக் காய்ந்த தட்டை எண்ணெய் குறைவாகக் குடிக்கும். அதிக நேரம் காய்ந்தால் ஓரம் வெடித்து, எடுக்கும்போது உடையும். ஆகவே இரண்டு மூன்று ஈட்டுக்கு மேல் முன்னால் போக வேண்டாம். தட்டைக்குப் போடும் கடலைப்பருப்பை ரிப்பன் தொடங்கும் முன் ஊறப்போட்டு, பிசையும்போது நீரை முழுதாக வடித்துவிட வேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெய் தெறிக்கும்.

பண்டங்களின் வரிசையை எண்ணெயின் மணம் தீர்மானிக்கிறது. வெள்ளை முறுக்கு முதலில், மிளகாய்ப்பொடி சேர்ந்த ரிப்பன் இரண்டாவது, பூண்டுத் தட்டை கடைசி. தலைகீழாகச் சுட்டால் முறுக்கில் பூண்டு மணக்கும், மிளகாய்த் துகள் கருகி ஒட்டும். ஒவ்வொரு பண்டம் முடிந்ததும் சல்லிக்கரண்டியால் அடித்தூளை எடுத்துவிட வேண்டும், எண்ணெய் கறுப்பதற்கு அந்தத் தூளே பாதிக் காரணம். முறுக்கு, ரிப்பன் சுடும்வரை மட்டத்தைக் காத்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள். தட்டையின் கடைசி நாலு கிலோவில் ஊற்றுவதை நிறுத்துங்கள். தட்டையே அடியில் நிற்கவிருந்த ஒரு கிலோவைக் குடித்துக்கொள்ளும்.

அதிரசத்தை இந்த வரிசையில் எங்கும் சேர்க்க முடியாது. காரத்துக்குப் பின்னால் சுட்டால் பெருங்காய மணம் ஏறும். முன்னால் சுட்டால் உதிர்ந்த வெல்லம் கருகி, பின்னால் வரும் முறுக்கு முழுதையும் கறுப்பாக்கும். அதனால்தான் சிறிய வாணலி. அதில் முக்கால் கிலோ எண்ணெய் போதும், அழுத்திப் பிழிந்த எண்ணெயும் அதற்குள்ளேயே விழும். அப்படியும் முப்பது அதிரசத்துக்காக அந்த வாணலியை ஏற்றுவது கட்டாது. ஆர்டர் குறைவாக இருந்தால் அதிரசத்தை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வைத்துக்கொண்டு, அதை முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம்.

16 கிலோ உச்சவரம்பு என்று தெரிந்த பிறகு 22 கிலோவுக்கு ஆர்டர் வந்தால் என்ன செய்வது? இன்னொரு நாள் பொரித்தால் அதே கடாயில் இன்னொரு ஒன்றரைக் கிலோ நிற்கும். இரண்டாவது அடுப்பில் இரண்டாவது கடாய் வைத்தாலும் அதிலும் எண்ணெய் நிற்கும், ஆனால் நாள் மிஞ்சும். ஒருமுறை வரும் ஆர்டருக்கு இரண்டாவது கடாய், அதற்கு மூன்றாவது ஆள். நாலு வாரம் தொடர்ந்து 22 கிலோ வந்தால், ஒரே அகலமான பெரிய கடாய் வாங்கி ஈட்டின் அளவைக் கூட்டுவதே லாபம். அப்போது அடுப்பின் தீயும் அதற்கேற்பக் கூட வேண்டும். தீ போதாத பெரிய கடாயில் மாவு விழுந்ததும் எண்ணெய் சூடு தணிந்து, பண்டம் எண்ணெயை ஊறிக் குடிக்கும். விற்பனைக்குச் சமைக்க 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும், 19 கிலோ வணிக சிலிண்டரின் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தீபாவளியும் மழையும்

இந்த ஒழுங்கு முழுதும் குலைவது ஐப்பசியில். ஆண்டிலேயே அதிகம் ஆர்டர் வரும் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதத்தில் வருகின்றன. அரிசி காய வெயில் இருக்காது. மில்லில் வரிசை நீளும். கூரியரில் பார்சல் குவியும். காற்றில் ஈரம் இருப்பதால் ஆறவைத்த முறுக்கு அரை மணியில் தளரும்.

இதற்கு முன்னேற்பாடு மாவில்தான் இருக்கிறது. புரட்டாசியில் வெயில் இருக்கும்போதே அரிசியைக் களைந்து நன்றாகக் காயவைத்து அரைத்து, அந்த மாவைக் கடாயில் நிறம் மாறாமல் லேசாக வறுத்து, ஆறவிட்டு, சலித்து, காற்றுப் புகாத டின்னில் அடைத்தால் தீபாவளி வரை நிற்கும். கோலம் போட்டால் இழை அறாமல் விழும் பதம்தான் வறுத்ததன் அடையாளம். அதோடு தீபாவளி வாரத்தின் வேலை பிசைவதும் சுடுவதுமாகச் சுருங்கிவிடும். வறுத்த உளுந்து மாவையும் அப்படியே சேர்த்து வைக்கலாம். கடலைமாவையும் பொட்டுக்கடலை மாவையும் முன்னதாகச் சேர்க்க வேண்டாம், அவற்றில் வண்டும் சிக்கு வாடையும் சீக்கிரம் வரும்.

அந்த மாதத்துக்கு மட்டும் பொரிக்கும் நாளை இரண்டாக்கலாம், மூன்றாக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் கடாயின் உச்சவரம்பு நிறைய வேண்டும். வெளியூர்ப் பார்சலுக்கான பண்டத்தை முதல் நாளிலும், உள்ளூர்க் கடைக்கானதைக் கடைசி நாளிலும் வைத்தால் கூரியர் நெரிசலுக்கு முன் பார்சல் கிளம்பிவிடும். முறுக்கு, ரிப்பன், தட்டை முன்னால், நாள் குறைவாகத் தாங்கும் அதிரசம் பின்னால்.

நோட்டில் எழுத வேண்டியவை

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு புதனுக்கும் ஒரு பக்கம். இறங்கிய மாவு, ஊற்றிய எண்ணெய், கிடைத்த பண்டம், சட்டியில் நின்ற எண்ணெய் ஆகிய நான்கையும் எடை போட்டு எழுதுங்கள். ஒரு வாரம் எண்ணெய் அதிகம் இறங்கியிருந்தால், மாவு ஈரமாக இருந்ததா, பிசைந்து வைத்தது நேரமானதா, தீ குறைந்ததா என்று அந்தப் பக்கமே கேட்கும். கடையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டையும் அதே பக்கத்தில் எழுதினால், அடுத்த வாரம் அந்தக் கடைக்கு எத்தனை குறைப்பது என்று தெரியும். மாத முதல் வாரத்தில் விற்பனை ஏறி, கடைசி வாரத்தில் இறங்குவதும் இரண்டு மாதப் பக்கங்களில் தெரிந்துவிடும்.

பாக்கெட்டின் லேபிளில் தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் சட்டப்படி இருக்க வேண்டும். பொரித்த நாளையே பேட்ச் எண்ணாக வைத்துக்கொண்டால், யாராவது “வாடை வருகிறது” என்று சொல்லும்போது எந்தப் புதன், எந்த எண்ணெய், யார் யாருக்கு அந்தச் சரக்கு போனது என்று நோட்டைத் திறந்ததும் சொல்லலாம். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பாக்கெட்டை விற்காமல் எடுத்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை முகர்ந்தும் கடித்தும் பாருங்கள். உங்கள் முறுக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதை அடுத்தவர் லேபிளைப் பார்த்து எழுதாமல், உங்கள் பாக்கெட்டைப் பார்த்தே எழுதலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களும் பழகியவர்களும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த நாலு வாரம் சட்டியில் நின்ற எண்ணெயை மட்டுமாவது எடை போட்டு எழுதுங்கள். அந்த எண்ணெயின் விலையைக் கூட்டிப் பாருங்கள். ஆர்டரைச் சனிக்கிழமையோடு மூடுவதா வேண்டாமா என்பதற்கு அந்தத் தொகையே பதில் சொல்லிவிடும்.